பயிற்றுநர் விண்ணப்பமும் செக்கன் கணக்கும்

மெய்வல்லுநர் பயிற்சிக் கழகமொன்று குறுந்தூர ஓட்டப் பயிற்றுநர் ஒருவரை நாடி விளம்பரம் செய்கிறது என்று கொள்வோம். அது கேட்பவை இரண்டு: பயிற்றுநர் தகுதிச் சான்றிதழ் ஒன்று, மாணவரின் முன்னேற்றப் பதிவேடு மற்றொன்று. பாடசாலையொன்றிற் பல்லாண்டு பயிற்சியளித்த ஒருவர் விண்ணப்பிக்க முற்படுகிறார். அவர் முதலில் எழுதிய குறிப்பில், 'பயிற்சி முகாம்கள் பலவற்றிற் பங்குபற்றியவர், வெற்றி வீரர் பலரை உருவாக்கியவர்' என்றிருந்தது. கழகம் கேட்ட இரண்டுக்கும் இதில் விடையில்லை.

முகாமிற் பங்குபற்றியதற்கான தாள் வேறு. பரீட்சையிற் சித்தியெய்திப் பெற்ற தகுதிச் சான்றிதழ் வேறு. ஆகவே, சான்றிதழை வழங்கிய நிறுவனம், அதன் நிலை, பெற்ற ஆண்டு, காலாவதியாகும் நாள் ஆகிய நான்கையும் அவர் தனித்தனியே எழுதினார். முகாம்களை வேறொரு தலைப்பின் கீழ் ஒதுக்கினார்.

பதிவேட்டிலேதான் சிக்கல் எழுந்தது. மாணவன் ஒருவன் 2022இல் 100 மீற்றர் தூரத்தை 11.8 செக்கனிலும், 2024இல் 11.79 செக்கனிலும் ஓடியிருந்தான். ஈராண்டில் முன்னேற்றமே இல்லையென எண்ணி, அவனை விட்டுவிடவே பயிற்றுநர் நினைத்தார். ஆனால் முதல் நேரம் நிறுத்தற் கடிகாரத்தைக் கையால் இயக்கி எடுத்தது. இரண்டாவது மின்கருவி எடுத்தது. வெடியின் புகையைக் கண்டபின்னரே மனிதர் கடிகாரத்தை அழுத்துவதால், கைநேரம் உண்மையிற் குறைந்தே காணப்படும். இரண்டையும் ஒப்பிட, 100 மீற்றர் ஓட்டத்திற் கைநேரத்துடன் 0.24 செக்கனைக் கூட்டுவது வழக்கம். அவ்வாறு கூட்டினால் 11.8 என்பது 12.04 ஆகிறது. அம்மாணவன் கால் செக்கன் முன்னேறியிருக்கிறான்.

இதற்கு மாறானதும் உண்டு. இன்னொரு மாணவன் மின்கருவியில் 12.31 செக்கன் பெற்று, பின்னர் கைநேரத்தில் 12.1 செக்கன் பெற்றான். பார்வைக்குப் பெரும் முன்னேற்றம். கூட்டிப் பார்த்தால் 12.34. அவன் நின்ற இடத்திலேயே நிற்கிறான்.

இவ்விரண்டாவது பெயரை மறைத்துவிடலாமா? பயிற்றுநர் மறைக்கவில்லை. ஒவ்வொரு மாணவனுக்கும் வயது, போட்டி நடந்த நாள், நேரம், அதை எடுத்த முறை, காற்றின் வேகம் என நிரல்கள் வகுத்தார். பின்புறமிருந்து வீசும் காற்று செக்கனுக்கு 2 மீற்றருக்கு மேற்பட்டால் அந்நேரம் சாதனையாகக் கொள்ளப்படுவதில்லை என்பதால் கடைசி நிரலும் வேண்டியதாயிற்று. காற்று அளக்கப்படாத போட்டிகளுக்கு 'அளக்கப்படவில்லை' என்றே எழுதினார். சிறுவரின் பெயர்களுக்குப் பதிலாக இலக்கங்களை இட்டார்.

விண்ணப்பங்களை ஆராய்பவர் ஓட்டத்தை அறிந்தவராயின், தசமத்துக்குப் பின் ஓரிலக்கம் மட்டுமுள்ள நேரத்தைக் கண்டதுமே அது கைநேரமெனத் தெளிவார். அதை மின்நேரத்துடன் கலந்து முன்னேற்றமாகக் காட்டிய பதிவேட்டில், ஏனைய வரிகளையும் அவர் ஐயத்துடனேயே வாசிப்பார். முன்னேறாத மாணவனையும் முறையாகக் காட்டிய பதிவேடோ, முன்னேறியவனின் கால் செக்கனையும் அவர் நம்பும்படி செய்துவிடும்.