தைப்பூசத்து அந்தியில் ஒரு கஜகேசரி
(அறக்கட்டளைச் சொற்பொழிவு)

சாதகம் பார்க்க வருகிறவர்களில் பலர் உட்காரும்போதே, "பையனுக்குக் கஜகேசரி இருக்குங்களே, அப்புறம் ஏன் இப்படி?" என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த ‘அப்புறம் ஏன்’ என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

யோகத்தின் விதி எளியது. சந்திரன் நிற்கும் ராசியிலோ, அதற்கு நான்கு, ஏழு, பத்தாம் ராசியிலோ குரு இருந்தால் கஜகேசரி. பலதீபிகையில் மந்திரேசுவரர் இதைக் கேசரி யோகம் என்கிறார். குரு ஒரு ராசியில் ஏறக்குறைய ஓர் ஆண்டு தங்குகிறார். சந்திரனோ இரண்டேகால் நாளில் அடுத்த ராசிக்குப் போய்விடுகிறது. ஆக, ஒவ்வொரு மாதமும் சுமார் ஒன்பது நாள் இந்த யோகம் வானத்தில் இருக்கும். மூன்று குழந்தை பிறந்தால் ஒன்றுக்கு உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். பேருந்தில் மூவர் உட்காரும் இருக்கையில் ஒருவர் கஜகேசரிக்காரர்! நோயும் கடனும் விபத்தும் அவரை மட்டும் விட்டுவிட்டுப் போவதை நாம் எங்கும் காணவில்லை.

இந்தச் சங்கடம் பழைய ஆசிரியர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். பராசரர் பெயரில் வழங்கும் நூல் யோகத்தைச் சொன்ன கையோடு வேலியும் போடுகிறது: குருவுக்குச் சுபர் சேர்க்கையோ பார்வையோ வேண்டும், அவர் நீசமாகவோ, அஸ்தங்கமாகவோ, பகை வீட்டிலோ இருக்கக் கூடாது.

இதை ஒரு கட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 2021 சனவரி 28, தைப்பூசம். பூசத்தில் சந்திரன், அதாவது சொந்த வீடான கடகத்தில். பௌர்ணமியை நெருங்கும் நிறைநிலா. குரு நேர் எதிரே மகரத்தில். அன்று தமிழ்நாட்டில் சூரியன் மறையும் நேரத்தில் ஒரு குழந்தை பிறந்ததாகக் கொள்வோம். லக்னமும் கடகம். சந்திரனுக்கு ஏழில் குரு, லக்னத்துக்கும் ஏழில் குரு. கேந்திரக் கணக்கில் குறை சொல்ல இடமில்லை.

ஆனால் மகரம் குருவுக்கு நீச வீடு. சூரியனும் அங்கேதான் இருக்கிறார், குருவிலிருந்து ஒரு பாகைகூடத் தள்ளி இல்லை. பதினொரு பாகைக்குள் வந்தாலே குருவுக்கு அஸ்தங்கம் என்பது வழக்கு. இது முழுக்க மூழ்கிய நிலை. வேலிக்கு உள்ளே நின்று பார்த்தால் யோகம் பங்கம்.

இங்கேதான் மறுபக்கத்து ஜோதிடர் எழுந்திருப்பார். மகரத்துக்கு உடையவன் சனி. அவர் அங்கேயே ஆட்சியாக, சந்திரனுக்குக் கேந்திரத்தில் இருக்கிறார். குரு உச்சம் பெறும் கடகத்துக்கு உடையவனான சந்திரனோ லக்னத்திலேயே. ஆகவே நீச பங்க ராஜ யோகம் என்பார். அதுவும் நூலில் உள்ள விதிதான், அவர் கற்பனை அல்ல. ஒரே கட்டம், ஒருவர் கையில் யோகம் செத்துவிட்டது, இன்னொருவர் கையில் இரட்டிப்பாகிவிட்டது. பிள்ளை கலெக்டர் ஆனால் இரண்டாமவர் சொன்னது பலித்தது. பரீட்சையில் தவறினால் முதலாமவர் சொன்னது பலித்தது. நடந்த பிறகு எது பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொள்ள வசதியான ஏற்பாடு என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

யோகம் எப்போது பலன் தரும் என்ற கேள்வியும் உண்டு. அதைத் தரும் கிரகங்களின் திசையில் என்பது பொது வழக்கு. பூசம் சனியின் நட்சத்திரம். அந்தக் குழந்தைக்குச் சனி திசை இருப்பு ஏறக்குறைய எட்டு வருடம். பிறகு புதன் 17, கேது 7, சுக்கிரன் 20, சூரியன் 6. சந்திர திசை தொடங்கும்போது வயது 58. அதற்கு மேல் சந்திரன் 10, செவ்வாய் 7, ராகு 18 கழிந்து குரு திசை வருகையில் வயது 93. இடையிடையே குரு புக்தி வரும் என்று ஆறுதல் சொல்லலாம். ஆனால் அந்தப் புக்தி எல்லோருக்கும்தான் வருகிறது.

சோதித்துப் பார்த்தால் என்ன என்று கேட்கலாம். கஜகேசரியைத் தனியாக அல்லாவிட்டாலும், பொதுவாகச் சாதகத்தைச் சோதித்தார்கள். வானியலாளர் ஜயந்த் நார்லிகரும் நண்பர்களும் மகாராஷ்டிரத்தில் நடத்திய சோதனை 2009இல் கரண்ட் சயன்ஸ் இதழில் வெளியானது. படிப்பில் சிறந்த குழந்தைகள் 100, மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள் 100. இந்தச் சாதகங்களிலிருந்து ஜோதிடர்களுக்கு ஆளுக்கு நாற்பதாக எடுத்துக் கொடுத்து, யார் எந்த வகை என்று கேட்டார்கள். 27 ஜோதிடர்கள் விடை அனுப்பினார்கள். சரியாக இருந்தது 46 விழுக்காடு. காசைச் சுண்டிவிட்டாலே ஐம்பது கிடைக்கும். அறிவுக்குக் காரகன் குருதான் என்பதை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பாருங்கள்.

எனவே, கஜகேசரி ஒருவரைக் காக்குமா என்றால், காக்காது என்பதே என் விடை. சொல்வதற்குத் தயக்கம் இருக்கிறது. காரணம், இந்த யோகத்தின் பெயரைக் கேட்ட நிமிடம் ஒரு தாயின் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தெளிவோடு அவர் பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனால் எனக்கு வழக்கில்லை. "கஜகேசரி இருக்கு, ஒன்றும் ஆகாது" என்று அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போடும்போதுதான் நான் நடுவே பேச வேண்டியிருக்கிறது. அப்போது நான் கையில் எடுப்பது அந்தத் தைப்பூசத்துக் கட்டத்தை. காகிதத்தில் பன்னிரண்டு கட்டம் போட்டு, குருவையும் சூரியனையும் ஒரே கட்டத்தில் எழுதி, "இதை நீங்களே சொல்லுங்கள், யோகமா இல்லையா?" என்று கேட்பேன். பெரும்பாலும் பதிலுக்கு, "டாக்டர் எத்தனை மணிக்கு வருவார்?" என்பார்கள்.