ஆசை வந்த நேரத்தை எழுதுங்கள்



பீடி, சிகரெட்டை நிறுத்திய சகோதரர்கள் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆசை எழும்போதே நான்கு விஷயங்களை எழுதுங்கள்: நேரம், இருந்த இடம், ஆசை பத்துக்கு எத்தனை, அப்போது என்ன செய்தீர்கள். இரவில் யோசித்து எழுதினால் பாதி மறந்திருக்கும். எழுதி முடிப்பதற்குள் ஆசையின் வேகமும் கொஞ்சம் தணியும்.

நமது ஜமாஅத்தில் ஒருவர், வியாபாரப் பதற்றத்தால்தான் புகைத்தோம் என்று நம்பியிருந்தார். ஒரு வார நோட்டைப் புரட்டினால், கடையில் ஆசை 4ஐத் தாண்டவே இல்லை. 8, 9 எல்லாம் அஸருக்குப் பின் டீக்கடையில், அதே கூட்டாளிகளுடன். அந்த டீயை வீட்டுக்கு மாற்றினார். மறுவாரம் 8 இரண்டே முறைதான் வந்தது.

இடையில் ஒரு கல்யாண வீட்டில் ஒரு சிகரெட் பிடித்துவிட்டார். பக்கத்தைக் கிழிக்காமல் அதையும் எழுதினார். அடுத்த விருந்துக்குப் போகும்போது, சாப்பிட்டதும் கிளம்பிவிட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கடைசிப் பக்கத்தில் தினமும் மிச்சமான காசை எழுதி, வாரம் ஒருமுறை கூட்டி, பிள்ளைகளுக்குப் பழம் வாங்கினார். அதுவே அவருக்குப் பரிசு.

கண்விழித்த அரைமணிக்குள் வரும் ஆசை வாரக்கணக்கில் குறையவில்லையென்றால், நோட்டு மட்டும் போதாது. அது நிகோடின் பிடிமானம். நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். அல்லது 1800-11-2356 என்ற அரசின் இலவச எண்ணில் பேசுங்கள்.