தீர்மானப் புத்தகத்தில் ஒரு தொகை

1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான மன்றம் ஒன்று அம்பத்தூரில் இருப்பதாகக் கொள்க. அதன் துணைவிதிப்படி, ஒரு விழாவிற்குச் செயற்குழு ரூ.50,000 வரையே ஒப்புதல் அளிக்கலாம். மிகுந்தால் பொதுக்குழுவே அளிக்க வேண்டும்.

ஆண்டுவிழாவுக்கான தீர்மானத்தில் பந்தலுக்கு 32,000 என்றும், ஒலிபெருக்கிக்கு 0.24 என்றும் செயலாளர் எழுதுகிறார். முன்னது ரூபாய், பின்னது இலட்சம். அலகு எங்கும் இல்லை. படிப்பவருக்குப் பின்னது இருபத்து நான்கு காசாகவே தோன்றும், மொத்தமும் 32,000.24 என்று பதிவாகிவிடும். உண்மைத் தொகையோ 56,000. வரம்பு மீறப்பட்டதைக் குழுவில் ஒருவரும் அறியார். ஆண்டிறுதியில் தணிக்கையாளர் பற்றுச்சீட்டுகளைக் கூட்டும்போதே அது வெளிப்படும். பந்தல் தனி, ஒலிபெருக்கி தனி என்று பிரித்துக் காட்டித் தப்புவதும் முறையன்று (சில மன்றங்கள் அறிந்தே இதைச் செய்வதுண்டு), விழா ஒன்றே.

பதிவு இவ்வாறு அமையலாம்: “பந்தல் ரூ.32,000, ஒலிபெருக்கி ரூ.24,000, வரி உட்பட மொத்தம் ரூ.56,000 (ரூபாய் ஐம்பத்தாறாயிரம் மட்டும்). செயற்குழுவின் வரம்பு ரூ.50,000 ஆதலால், பொதுக்குழுவின் ஒப்புதலுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது.”

தலைவர் கையொப்பமிட்ட பின் பிழை தெரிந்தால் எண்ணைச் சுரண்டித் திருத்தலாகாது. அடுத்த கூட்டத்தில் திருத்தத் தீர்மானம் நிறைவேற்றி, பழைய பக்கத்தின் ஓரத்தில் அதன் எண்ணையும் தேதியையும் குறித்து வைத்தல் வேண்டும்.