நெய்யாற்றின்கரையின் 79ம் 68ம்



இன்றும் நாளையும் நாம் போடப்போகும் பயிற்சிக் கணக்குகள் மூன்று ஏற்பாடுகளைப் பற்றியவை: சமவாய்ப்பு ஒதுக்கீடு, மறைப்பு, மருந்துப்போலி என்கிற பிளாசிபோ. தேர்வுத்தாளில் மாணவர்கள் இவை மூன்றையும் ஒரே வரியில் ‘பாரபட்சத்தைத் தவிர்க்க’ என்று எழுதிவிடுகிறார்கள். எந்தப் பாரபட்சம், அது எந்த வழியாக நுழைகிறது என்று கேட்டால் பதில் வருவதில்லை. மூன்றும் மூன்று வேறு வழிகளை அடைப்பவை. அதை விளக்க வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் அடங்கிய இந்தத் தாலுகாவிலேயே அதற்கான ஆய்வு நடந்திருக்கிறது.

கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம் என்பது அதன் பெயர். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுதமேனன் மையத்தைச் சேர்ந்த கே. ஆர். தங்கப்பனும், ஆஸ்திரேலியாவின் பிரையன் ஓல்டன்பர்க்கும், அவர்களது குழுவினரும் நடத்தினார்கள். முடிவு 2018இல் வெளியானது. நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் 60 வாக்குச்சாவடிப் பகுதிகள். அவற்றிலிருந்து 30 வயது முதல் 60 வயது வரையான 1,007 பேர். இவர்களுக்கு நீரிழிவு இல்லை. ஆனால் வரக்கூடிய வாய்ப்பு அதிகம். 30 பகுதிகளில் ஓராண்டுக்கு 15 குழுக்கூட்டங்கள் நடந்தன. அவற்றை நடத்தியவர்கள் மருத்துவர்கள் அல்ல, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். மற்ற 30 பகுதிகளில் இருந்தவர்களுக்கு ஒரு விளக்கக் கையேடு மட்டும் கொடுக்கப்பட்டது.

இரண்டாண்டு முடிவில் கையேட்டுப் பகுதிகளில் 463 பேரில் 79 பேருக்கு, அதாவது 17.1 சதவீதத்தினருக்கு, நீரிழிவு வந்திருந்தது. கூட்டம் நடந்த பகுதிகளில் 456 பேரில் 68 பேருக்கு, 14.9 சதவீதம். ஒப்பீட்டு விகிதம் 0.88. அதன் 95 சதவீத நம்பக எல்லை 0.66 முதல் 1.16 வரை. கூட்டங்கள் நோயை மூன்றில் ஒரு பங்கு குறைத்திருக்கலாம், எதையும் செய்யாமலும் இருந்திருக்கலாம், இரண்டுக்கும் இந்த எண்கள் இடம் கொடுக்கின்றன. பயன் நிரூபணமாகவில்லை என்பதுதான் முடிவே தவிர, பயனில்லை என்று நிரூபணமானது என்பதல்ல.

இப்போது கையேட்டுப் பகுதிகளை மறைத்துவிட்டு, 14.9 சதவீதத்தை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதை எதனோடு ஒப்பிடுவீர்கள்? சென்னையில் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம் 2006இல் வெளியானது. அங்கே எந்தச் சிகிச்சையும் பெறாத குழுவில் ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. 55க்கு எதிரே 14.9 என்று ஒரு படம் வரைந்தால் நெய்யாற்றின்கரை உலகையே வியக்கவைக்கும் வெற்றியாகிவிடும். ஆனால் சென்னையில் எடுத்தவர்கள் குளுக்கோஸ் குடித்த பின் சர்க்கரை ஏற்கெனவே ஏறத் தொடங்கியிருந்தவர்கள். இங்கே எடுத்தவர்கள் ஆபத்து மதிப்பெண்ணைக் கொண்டு பொறுக்கப்பட்டவர்கள். தொடக்கப் புள்ளியே வேறு. கையேடு வாங்கிய பகுதிகளிலும் 17.1தான் என்று தெரிந்த கணத்தில் அந்த வெற்றி கரைந்துபோகிறது. கையேட்டுப் பகுதிகளை நேர்மையான ஒப்பீடாக ஆக்கியது சமவாய்ப்பு ஒதுக்கீடு.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் ஆட்களை எடுப்பது ஒன்று. எடுத்த பகுதிகளை இரண்டாகப் பிரிக்கக் குலுக்குவது வேறொன்று. முதல் குலுக்கல், கிடைத்த முடிவு இந்தத் தாலுகாவுக்கே பொருந்துமா என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறது. இரண்டாவது, இரு தரப்பும் சமமாகத் தொடங்கினவா என்ற கேள்விக்கு. முதலாவது இல்லாமலும் ஓர் ஒப்பீடு நேர்மையாக இருக்க முடியும். இரண்டாவது இல்லையென்றால், ஊக்கமான ஊராட்சித் தலைவர் உள்ள வார்டும் நடைப்பயிற்சிக்கு மைதானம் உள்ள வார்டும் தாமாகவே கூட்டம் நடக்கும் பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். பிறகு நல்ல பலன் வந்தால், கூட்டத்தால் வந்ததா மைதானத்தால் வந்ததா என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. வயது, எடை போன்ற தெரிந்த வேறுபாடுகளைப் பின்னால் கணக்கில் சரிக்கட்டலாம். நாம் கேட்கவே நினைக்காத வேறுபாடுகளை இரு பக்கமும் பகிர்ந்து வைப்பது குலுக்கல் ஒன்றுதான்.

ஏன் ஆளுக்கு ஆள் குலுக்காமல் பகுதி பகுதியாகக் குலுக்க வேண்டும்? கூட்டத்துக்குப் போகும் அக்கா, கையேடு வாங்கிய பக்கத்து வீட்டுக்காரியிடம் அன்று மாலையே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். அதைத் தடுக்கவும் முடியாது, தடுப்பது முறையும் அல்ல. ஆனால் பகுதி பகுதியாகக் குலுக்குவதற்கு ஒரு விலை உண்டு. ஒரே பகுதியில் வாழ்பவர்கள் உணவிலும் உழைப்பிலும் ஒத்திருப்பார்கள். ஒரு பகுதிக்குச் சுமார் 17 பேர். அவர்களுக்குள் ஒற்றுமைக் கெழு 0.02 என்று பயிற்சிக்காக வைத்துக்கொள்வோம். 16ஐ 0.02ஆல் பெருக்கி 1ஐக் கூட்டினால் 1.32. 1,007ஐ அதனால் வகுத்தால் கிடைப்பது சுமார் 763. ஆயிரம் பேரைப் பார்த்தும், தனித்தனியாகக் குலுக்கிய 763 பேர் தரும் அளவுக்கே தகவல் கிடைக்கிறது. மாணவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதனால் நம்பக எல்லை பொய்யாகக் குறுகி, இல்லாத உறுதி வந்துவிடுகிறது.

குலுக்கல் தொடக்கத்தைச் சமமாக்குகிறது. அதன் பிறகு நடப்பதற்கு அது பொறுப்பல்ல. அந்த இடத்தில்தான் மறைப்பு வேலை செய்கிறது. நெய்யாற்றின்கரையில் பங்கேற்றவர்களிடம் எதையும் மறைக்க வழியில்லை. 15 கூட்டங்களுக்கு அழைக்கப்பட்டவருக்குத் தாம் எந்தப் பக்கம் என்று தெரியும். ஆகவே, எந்த அளவீடு இதனால் கெடும், எது கெடாது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

இந்த ஆய்வுக்கு ஆட்களைத் தேர்ந்தது இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண்ணைக் கொண்டு. அதை உருவாக்கியவர்கள் சென்னையில் வி. மோகன் குழுவினர். வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நீரிழிவு இருந்ததா என்ற நான்குக்கும் சேர்த்து 100 மதிப்பெண். 60ம் அதற்கு மேலும் அதிக ஆபத்து. 46 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயதுக்கு 20. இடுப்பு 89 செ.மீ., அதற்கு 10. உட்கார்ந்தே செய்யும் வேலை, உடற்பயிற்சி இல்லை, அதற்கு 30. தாய்க்கு நீரிழிவு, 10. மொத்தம் 70. ஓராண்டு கழித்து, “தினமும் நடக்கிறீர்களா?” என்று கேட்கிறோம். கூட்டத்தில் பலமுறை நடையைப் பற்றிக் கேட்டவர் “நடக்கிறேன்” என்கிறார். 30 என்பது 20 ஆகிறது, மொத்தம் 60. அவர் உண்மையாகவே நடந்திருக்கலாம். நம் முகத்துக்காகச் சொல்லியிருக்கலாம். அந்தத் தாளில் இரண்டும் ஒன்றுபோலவே பதிவாகும்.

இடுப்பு அளவிலும் இதே சிக்கல். பெண்களுக்கு 90 செ.மீ. ஆனால் 20 மதிப்பெண், அதற்குச் சற்றுக் கீழே 10. டேப்பை எங்கே வைத்தோம், மூச்சை விட்டபின் அளந்தோமா, எவ்வளவு இறுக்கினோம் என்பதிலேயே ஒரு செ.மீ. போய்விடும். அளப்பவருக்கு எதிரே நிற்பவர் எந்தப் பகுதிக்காரர் என்று தெரிந்தால், எல்லைக்கோட்டில் நிற்கும் அளவுகளை அவர் கை தம்மையறியாமல் ஒரு பக்கம் சாய்க்கும். அளப்பவரை வேறு ஊரிலிருந்து வரவழைத்து, பட்டியலைக் காட்டாமல் அளக்கச் சொல்வது மறைப்பின் எளிய வடிவம்.

ரத்த மாதிரிக் குழாய் அப்படியல்ல. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200ம் அதற்கு மேலும் காட்டினால் நீரிழிவு. வெறும் எண் ஒட்டிய குழாயைக் கருவியில் வைப்பவருக்கு யாரையும் மகிழ்விக்க வேண்டியதில்லை. இந்த ஆய்வில் மதிப்பெண் சராசரியும் மதுப்பழக்கமும் கூட்டப் பகுதிகளில் அதிகமாகக் குறைந்தன. பழம் காய்கறி உண்பது கூடியது. ஆனால் ரத்தத்தால் தீர்மானமாகும் நீரிழிவில் தெளிவான வேறுபாடு வரவில்லை. பழக்கங்கள் உண்மையில் மாறி, ரத்தத்தில் தெரிய இன்னும் காலம் வேண்டியிருந்திருக்கலாம். சொன்ன பதில்களில் மட்டுமே ஒரு பகுதி மாறியிருக்கலாம். மறைப்பு இல்லாத இடத்தில் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. ஆய்வாளர்கள் ரத்தப் பரிசோதனையை முதன்மை முடிவாக வைத்தது அதனால்தான் எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகப் படுகிறது.

மருந்துப்போலிக்கு இந்த ஆய்வில் இடமில்லை. கூட்டத்துக்குப் போலிக் கூட்டம் வைக்க முடியாது. கையேட்டை மருந்துப்போலி என்று எழுதும் மாணவருக்கு நான் மதிப்பெண் தருவதில்லை, ஏனென்றால் வாங்கியவர் அதைக் கூட்டம் என்று நம்பவில்லை. மருந்துப்போலியைப் பார்க்க ராமச்சந்திரன் குழுவினரின் இரண்டாவது ஆய்வுக்குச் சென்னை போக வேண்டும். 2009இல் வெளியான அதில் 407 பேருக்கும் உணவு, நடை அறிவுரை உண்டு. கூடவே பாதிப் பேருக்குப் பயோகிளிட்டசோன் மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்துப்போலி. மூன்றாண்டில் நீரிழிவு வந்தது மருந்துத் தரப்பில் 29.8 சதவீதம், போலித் தரப்பில் 31.6. வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம்.

நம்பிக்கையால் வலி குறையும், அதற்குத்தான் மருந்துப்போலி என்று பலர் நினைக்கிறார்கள். நம்பிக்கையால் 200 இருக்கும் சர்க்கரை 130 ஆகிவிடாது. இங்கே அடைபடும் வழி வேறு. மாத்திரை கிடைத்தவர் ‘அதுதான் மாத்திரை போடுகிறேனே’ என்று கல்யாண வீட்டில் இன்னொரு கரண்டி பாயசம் வாங்கிக்கொள்வார். கிடைக்காதவர் பயந்து இரண்டு மைல் நடப்பார். மருந்துக்கு உண்மையில் வலுவிருந்தாலும் அது மறைந்துபோகும். எல்லோர் கையிலும் ஒரே மாதிரி மாத்திரை இருக்கும்போது இந்தச் சாய்வு இரு பக்கமும் சமமாகிறது. ஆனால் பயோகிளிட்டசோன் சிலருக்குக் காலில் நீர் கோத்து எடையைக் கூட்டும். அதைப் பார்த்து மருத்துவர் ஊகித்துவிட்டால் மறைப்பு உடைந்துவிடும். முடிவில் ஒவ்வொருவரிடமும் “உங்களுக்குக் கிடைத்தது எது என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்டால் இது தெரிந்துவிடும். பாதிக்கும் மிக அதிகமானோர் சரியாகச் சொன்னால், போலி தன் வேலையைச் செய்யவில்லை.

மூன்று ஏற்பாடும் காப்பாற்றாத ஓரிடத்தைக் காலை அமர்வுக்குக் கணக்காக வைக்கிறேன். இங்கே தொடங்கியவர்களில் கையேட்டுப் பகுதிகளில் 507 பேர், கூட்டப் பகுதிகளில் 500 பேர். நீரிழிவுக் கணக்கில் வந்தவர்கள் 463, 456. இரு பக்கமும் 44 பேர் கணக்கில் இல்லை. எண் ஒன்றாக இருப்பதால் மனம் நிம்மதி அடைகிறது. ஆனால் கூட்டப் பகுதிகளில் வராத 44 பேரில் 11 பேருக்கு மட்டும் நீரிழிவு வந்து, கையேட்டுப் பகுதிகளில் வராதவர்களில் ஒருவருக்கும் வரவில்லை என்று வைத்துப் பாருங்கள். 79க்கு 79. சதவீதத்தில் 15.6க்கு எதிரே 15.8. அந்த 44 பேர் யாராக இருக்கலாம், எதற்காக வராமல் போயிருக்கலாம் என்று முதல் மேசைக் குழுவினர் பேச்சைத் தொடங்கட்டும்.