வழி திருப்பிய ஒரு சொல்



பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கங்களிலும், இடுக்கியின் கிழக்கெல்லையில் தேவிகுளம், மறையூர் மலைகளிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அக்குடும்பங்களிலிருந்து கல்லூரிக்குச் சென்ற பிள்ளைகள் ஆண்டுதோறும் பட்டம் பெறுகிறார்கள். விழா நாளில் அவர்களுள் ஒருவர் மேடையேறி ஆசிரியருக்கு நன்றி சொல்லுவதும் வழக்கம். "எங்களை அறிவொளியில் நடத்தினீர்கள், ஏணியாக நின்றீர்கள்" என்று தொடங்கும் அந்தப் பேச்சு பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கிறது. பெயரை மாற்றினால் எந்த ஆசிரியருக்கும் அது பொருந்திவிடும். எல்லோருக்கும் பொருந்தும் நன்றி ஒருவருக்கும் போய்ச் சேருவதில்லை.

அப்படியானால் எதைச் சொல்வது? நம் வழியை மாற்றிய அந்த ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். அதை எவ்வாறு சொல்வது என்பதற்கு உ. வே. சாமிநாதையர் தம் வாழ்க்கையை எழுதிய 'என் சரித்திரம்' என்ற நூலைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

சாமிநாதையர் 1855-ஆம் ஆண்டில் பிறந்தவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871 முதல் அவர் மறையும் வரையில் பாடம் கேட்டவர். 1880-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. அப்போது வயது இருபத்தைந்து. பேர் பெற்ற ஆசிரியரின் மாணாக்கர், நல்ல வேலை, மடத்தின் ஆதரவு. இனி அவருக்கு என்ன குறை என்று யாரும் நினைத்திருப்பார்கள். அவரும் ஏறக்குறைய அவ்வாறே நினைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் என்பவர் கும்பகோணத்திற்கு முன்சீபாக மாற்றலாகி வந்தார். அவரைச் சென்று பார்க்கும்படி திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் சொன்னார். 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. ஐயர் போய்ப் பார்த்தார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். ஐயர் தாம் பாடம் கேட்ட அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள் ஆகியவற்றின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். பிற வித்துவான்கள் இந்த வரிசையைக் கேட்டு வியந்து போவது வழக்கம். முதலியாரோ அசையவில்லை. இவற்றால் என்ன பயன் என்று கேட்டுவிட்டார். புராணங்களையும் கம்பராமாயணத்தையும் சொல்லியும் அவர் முகத்தில் முழுத் திருப்தி தோன்றவில்லை. சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்பதே அவர் கேள்வி.

ஐயருக்கு மனம் வருந்தாமல் இருக்குமா? வருந்தினார். ஆனால் தம் அறியாமையை மறைக்கவில்லை. புத்தகம் கிடைத்தால் படித்துவிட முடியும் என்று சொன்னார். முதலியார் சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதி ஒன்றைத் தேடித் தந்தார். இருவரும் சேர்ந்து படிக்கத் தொடங்கினார்கள். தொடக்கத்திலேயே வழி அடைத்தது. அது சமண காவியம்; சைவ நூல்களில் பழகிய ஐயருக்கு அதன் சமயச் சொற்கள் பிடிபடவில்லை. கும்பகோணத்திலேயே சமணர்கள் வாழும் வீடுகள் இருப்பதை அறிந்து, அங்கே சென்று அவர்களிடம் கேட்டுத் தெளிந்தார். அந்நூலுக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரை, பெயர்கூடக் கேட்டறியாத பல நூல்களிலிருந்து மேற்கோள் காட்டியது. அந்த மேற்கோள்களைத் தேடிப் போனபோதுதான் சங்க நூல்களின் ஏட்டுச் சுவடிகள் அவர் கைக்கு வந்தன. சிந்தாமணி 1887-இலும், பத்துப்பாட்டு 1889-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், புறநானூறு 1894-இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன.

இப்பொழுது நம் விஷயத்திற்கு வருவோம். அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர் இந்தச் சந்திப்பை எழுதும்போது ஐயர் என்ன செய்கிறார்? முதலியாரை அடைமொழிகளால் அலங்கரித்து நிறுத்திவிடவில்லை. நாளைச் சொல்லுகிறார், கிழமையைச் சொல்லுகிறார், கேட்ட கேள்வியைச் சொல்லுகிறார். தாம் அன்று எவ்வளவு பெருமிதத்தோடு பட்டியல் படித்தார் என்பதையும், அது எப்படிச் சரிந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுகிறார். இது எளிதன்று. வழி திரும்பியது என்று சொல்ல வேண்டுமானால், முன்பு வேறு வழியில் போய்க்கொண்டிருந்தோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நன்றிப் பேச்சுகள் பலவும் இந்த இடத்தில்தான் தயங்கிப் பொதுப் புகழ்ச்சிக்குள் ஒளிந்துகொள்கின்றன.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. வழிகாட்டிய முதலியார் ஐயருக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் அல்லர். வயதிலும் இரண்டு மூன்று ஆண்டுகளே மூத்தவர். ஆகவே அவருக்கு நன்றி சொல்வது பிள்ளையவர்களைக் குறைத்ததாகாதா என்று யாரேனும் ஐயுறலாம். ஆகாது. பிள்ளையவர்கள் தந்தது தமிழ்ப் பயிற்சி. அது இல்லாமல் சிந்தாமணியின் ஒரு செய்யுளும் விளங்கியிராது. முதலியார் தந்தது அந்தப் பயிற்சி செல்ல வேண்டிய திசை. ஐயர் தம் ஆசிரியருக்கு இரண்டு பாகங்களில் வரலாறு எழுதினார்; முதலியாருக்குத் தம் வரலாற்றிலேயே இடம் தந்தார். யாரிடம் எதைப் பெற்றோம் என்று பிரித்துச் சொன்னதனால் இருவர் கடனும் தீர்ந்தன.

இதை நம் மலைப்பக்கத்திற்குக் கொண்டு வந்து பார்ப்போம். தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்த பெண் ஒருத்தி சமவெளிக் கல்லூரியில் தமிழ் படித்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறுதியாண்டுக் கட்டுரைக்கு, பலரும் எழுதிவிட்ட ஒரு நாவலை அவள் எடுத்துக்கொண்டாள். ஆசிரியை அவளிடம், "உன் தாயார் கொழுந்து பறிக்கும்போது பேசும் சொற்களை எழுதிக்கொண்டு வா" என்றார். அவளுக்கோ அந்தப் பேச்சைக் கல்லூரியில் வாய்விட்டுச் சொல்லவே கூச்சம். விடுமுறையில் போய் எழுதினாள், கட்டுரை அதுவாயிற்று. மேடையில் அவள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "நான் நாவலைப் பற்றி எழுத இருந்தேன். தாங்கள் என் அம்மாவின் சொற்களைக் கேட்டு வரச் சொன்னீர்கள். எனக்கு அன்று வெட்கமாக இருந்தது. முதல் நாள் நாற்பது சொற்கள் எழுதினேன். இப்போது அந்த வெட்கம் இல்லை." இதில் அறிவொளியும் இல்லை, ஏணியும் இல்லை. ஆனாலும் இதை வேறு எந்த ஆசிரியைக்கும் மாற்றிச் சொல்ல முடியாது.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் சொல்லி முடிக்கிறேன். ஆண்டுகள் செல்லச் செல்ல, ஆசிரியர் சாதாரணமாகச் சொன்ன வாக்கியம் நம் நினைவில் உபதேசமாக உயர்ந்துவிடும். அவர் வாழ்ந்திருந்தால் விழாவுக்கு முன்பே போய், தாங்கள் சொன்னது இதுதானே என்று கேட்டுக்கொள்வது நல்லது. அவருக்கு அது நினைவில் இல்லாமலும் இருக்கலாம், அதனால் குற்றமில்லை. அடுத்தது, அறிவுரை ஒன்றே எல்லாவற்றையும் செய்துவிட்டதாகச் சொல்லக் கூடாது. முதலியார் கேட்டது ஒரு கேள்வி. ஏடு தேடி ஊர் ஊராக நடந்தவர் ஐயர்.

இராமசுவாமி முதலியார் 1892-இல், நாற்பது வயது நிறையுமுன் காலமானார். புறநானூறு அச்சேறியதை அவர் பார்க்கவில்லை. உங்கள் ஆசிரியர் இருக்கும்போதே அந்த ஒரு சொல்லை அவரிடம் சொல்லிவிடுங்கள்.