பாய்ச்சற்கோட்டுப்படம்: கேள்வியை எங்கே வைப்பது?

(சங்கத்தின் வாராந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் பாய்ச்சற்கோட்டுப்படம். ஒரு காரியம் எங்கே தொடங்கி, எவ்வெவ் வழியாகச் சென்று, எங்கே முடிகின்றது என்பதைக் கட்டங்களாலும் அம்புகளாலும் காட்டும் படமே அது. பாடசாலையில் தகவல் தொழினுட்பம் படிக்கும் தம்பிமாருக்கு இச்சொல் பழக்கமானது, பெரியோர்களுக்குப் புதிதாயிருக்கலாம். கணினிக்கென்றே பிறந்த வித்தை இஃது என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்காவிலே பிராங்க் கில்பிறெத், லில்லியன் கில்பிறெத் என்னும் தம்பதியர் 1921ஆம் ஆண்டில் இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் முன்னே தொழிற்சாலை வேலைகளை இவ்வாறு படமாக்கிக் காட்டினர். கணினிக்குக் கட்டளை எழுதுவோர், கோல்ட்ஸ்ரைன், வொன் நொய்மன் என்னும் இருவரும் 1947இல் எழுதிய அறிக்கைக்குப் பின்னரே இதனைப் பெரிதும் கையாளலாயினர். ஆகவே, கணினியே இல்லாத நம்முடைய கூட்ட மண்டபத்திலும் இதற்கு வேலை உண்டு.

நமக்குத் தெரிந்த ஒரு சங்கத்திலே நடந்த சங்கதியை முதலிற் சொல்லுகின்றோம். சங்கத்தின் பெயர் வேண்டாம். வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு நடப்பெண், அதாவது நாம் வழக்கத்திற் கோரம் என்கின்றோமே அது, 15 பேர். கூட்டம் மாலை 4 மணிக்கு. ‘நடப்பெண் இல்லையாயின் பத்து நிமிடம் வீதம் மூன்று முறை காத்திருந்து, பின்னர் ஒருவாரத்துக்கு ஒத்திவைக்க வேண்டும்’ என்பது அவர்கள் எழுதி வைத்த விதி. அன்று மழை. நாலரை மணி ஆனதும் காரியதரிசி எழுந்து கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டார். அப்போது மண்டபத்தில் இருந்தவர்களை யாரோ ஒருவர் எண்ணிப் பார்த்தார். சரியாக 15 பேர்! காரியதரிசி விதிப்படியே நடந்தேன் என்றார். வந்திருந்தவர்களும் விதிப்படியே கேட்கின்றோம் என்றார்கள். அவ்வருடம் முழுவதும் அந்த மனஸ்தாபம் தீரவில்லை. இருசாராரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. அந்த விதியைப் படமாக வரைந்து பார்ப்போம்.

வேண்டிய வடிவங்கள் மிகச் சில. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் முனை உருண்ட கட்டம். செய்யவேண்டிய செயலுக்குச் செவ்வகம். கேள்விக்குச் சாய்சதுரம். இவற்றை இணைப்பதற்கு அம்பு. 1985ஆம் ஆண்டின் சர்வதேச நியமம் இன்னும் பல வடிவங்களைத் தருகின்றது. இன்றைய வேலைக்கு அவை தேவையில்லை. சாய்சதுரத்துக்குள்ளே ஓர் அம்பு நுழையும். இரண்டு அம்புகள் வெளியேறும். ஒன்றின்மேல் ‘ஆம்’, மற்றதன்மேல் ‘இல்லை’ என்று எழுதவேண்டும். எழுதாது விட்டால், வரைந்தவருக்கே மறுநாள் எது எதுவென்று தெரியாது.

தொடக்கத்தை எங்கே வைப்பது? அழைப்பிதழ் அனுப்புவதிலிருந்தா, மண்டபத்தைத் திறப்பதிலிருந்தா? இவற்றையெல்லாம் ஒரே தாளில் அடைக்கப் புகுந்தால் படம் சிலந்திவலையாகும். நம்முடைய ஐயம் நாலு மணிக்குப் பின் நடப்பதைப் பற்றியது. ஆகவே ‘மாலை 4 மணி’ என்பதே தொடக்கம். முடிவு இரண்டில் ஒன்று: கூட்டம் ஆரம்பமாயிற்று, அல்லது ஒத்திவைக்கப்பட்டது. இரண்டு வழியும் கீழே வந்து ‘முடிவு’ என்னும் ஒரே கட்டத்திற் சேரலாம்.

முதன்முதல் வரைவோர் பெரும்பாலும் இப்படித்தான் வரைவர். தொடக்கம், அதன்கீழ் ‘வந்தோரை எண்ணுக’ என்னும் செவ்வகம், அதன்கீழ் ‘போதிய பேர் வந்தனரா?’ என்னும் சாய்சதுரம். ஆம் என்றால் ‘கூட்டத்தை ஆரம்பிக்க’, பின்னர் முடிவு. இல்லை என்றால் ‘பத்து நிமிடம் காத்திருக்க’. அங்கிருந்து ஓர் அம்பு மேலே திரும்பி, மறுபடியும் எண்ணும் செவ்வகத்துக்கு வரும். இவ்வாறு திரும்பி வரும் வழியையே சுற்று என்கின்றோம்.

இதிலே ‘போதிய’ என்னும் சொல்லைப் பாருங்கள். காரியதரிசிக்குப் போதியது தனாதிகாரிக்குப் போதாமலிருக்கலாம். சாய்சதுரத்துக்குள் இருக்கும் கேள்விக்கு, எவர் பார்த்தாலும் ஒரே விடை வரவேண்டும். ஆகவே எண்ணைப் போடுவோம். ‘வந்தோர் 15 பேரா?’ என்று எழுதினால்? நாலு பத்துக்கு 14 பேர் இருக்கின்றனர், அடுத்த பத்து நிமிடத்தில் இருவர் ஒரே குடையின் கீழ் வந்து சேருகின்றனர், 16 ஆகிவிட்டது. ‘15 பேரா?’ என்றால் ‘இல்லை’ என்பதே விடை! ஆட்கள் கூடியும் கூட்டம் கூடாது. ‘15 அல்லது அதற்கு மேலா?’ என்று எழுதினால் அந்தத் தொல்லை நீங்கும்.

இனிச் சுற்றைப் பார்ப்போம. மழைநாளில் ஐவர் மட்டும் வந்து, வேறொருவரும் வராவிடின், இப்படத்தின்படி காரியதரிசி விடியும்வரையும் பத்துப்பத்து நிமிடமாகக் காத்திருக்கவேண்டியதுதான். மனிதர் பசியெடுத்தால் வீட்டுக்குப் போவர். கணினிக்குப் பசியில்லை, அது சுற்றிக்கொண்டே கிடக்கும். சுற்றிலிருந்து வெளியேற இன்னொரு கேள்வி வேண்டும். அந்தக் கேள்வியின் விடை ஒருநாள் மாறுவதற்கு, சுற்றுக்குள்ளே ஏதோ ஒன்று ஒவ்வொரு முறையும் மாறவேண்டும். எத்தனை முறை காத்திருந்தோம் என்னும் கணக்கே அது. ஒரு துண்டுக் கடதாசியிற் கோடு போட்டு எண்ணுவதுபோல் என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தின் கீழே ‘காத்தமுறை = 0’ என்று ஒரு செவ்வகம் போடுக. காத்திருந்தபின் ‘காத்தமுறையுடன் 1 கூட்டுக’ என்று இன்னொன்று.

இங்கே நம்மவர் பலர் தவறுவர். நாமும் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடத்திலே இதே தவறைச் செய்து அரைநாள் விழித்திருக்கின்றோம். திரும்பும் அம்பை எண்ணும் செவ்வகத்திலே இறக்காமல், அதற்கு மேலுள்ள ‘காத்தமுறை = 0’ என்னும் செவ்வகத்தில் இறக்கிவிடுவது. தாளிலே இரண்டு கட்டமும் அடுத்தடுத்து இருப்பதால் கண்ணுக்கு வேற்றுமை தோன்றாது. ஆனால் ஒவ்வொரு முறையும் துண்டுக் கடதாசியை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குகின்றோம். ஒன்று ஆனது மறுபடி பூச்சியமாகும். மூன்றை ஒருநாளும் எட்டாது.

இப்போது நம் வழக்குக்கு வருவோம். ‘காத்தமுறை 3 ஆயிற்றா?’ என்னும் இரண்டாவது சாய்சதுரத்தை எங்கே வைப்பது? இரண்டு இடங்கள் உண்டு. இரண்டும் பார்வைக்குப் பொருத்தமாகவே தோன்றும்.

காரியதரிசியின் மனத்திலிருந்த படம் இது: எண்ணு, 15 இல்லையென்றால் காத்திரு, ஒன்று கூட்டு, உடனே ‘3 ஆயிற்றா?’ என்று கேள். ஆம் என்றால் ஒத்திவை. இல்லை என்றால் திரும்பிப்போய் எண்ணு. இதன்மேல் விரலை வைத்து அன்றைய கணக்கோடு நடந்து பார்ப்போம். 4 மணிக்கு 12 பேர். இல்லை, காத்திருந்தோம், முறை 1, மூன்றாகவில்லை. 4.10க்கு எண்ணினோம், 13 பேர். காத்திருந்தோம்; முறை 2. 4.20க்கு எண்ணினோம், 14 பேர். காத்திருந்தோம், முறை 3. மூன்றாயிற்றா? ஆம். ஒத்திவை! கடைசிப் பத்து நிமிடத்தில் பதினைந்தாமவர் வந்து சேர்ந்தார். அவரை எண்ணுவதற்குப் படத்திலே கட்டம் இல்லை. எண்ணாமற் போவதற்காகவா பத்து நிமிடம் காத்திருந்தோம்?

வந்திருந்தவர்களின் படத்திலே கேள்வி வேறோரிடத்தில் நின்றது. எண்ணு, 15 இல்லையென்றால் முதலில் ‘காத்தமுறை 3 ஆயிற்றா?’ என்று கேள்; ஆம் என்றால் ஒத்திவை; இல்லை என்றால் காத்திரு, ஒன்று கூட்டு, திரும்பிப்போய் எண்ணு. மறுபடி விரலை வைத்து நடப்போம். 4 மணிக்கு 12 பேர், முறை 0, காத்திருந்தோம், முறை 1. 4.10க்கு 13 பேர், மூன்றாகவில்லை, காத்திருந்தோம், முறை 2. 4.20க்கு 14 பேர். காத்திருந்தோம், முறை 3. 4.30க்கு எண்ணினோம், 15 பேர். ஆம், கூட்டம் ஆரம்பம். பதினைந்தாமவர் வராமலிருந்தால் 14 பேரென்று எண்ணி, ‘3 ஆயிற்றா?’ என்று கேட்டு, அப்போதுதான் ஒத்திவைத்திருப்போம்.

முதற் படத்தில் மூன்று முறை எண்ணி மூன்று முறை காத்திருக்கின்றோம். இரண்டாம் படத்தில் மூன்று முறை காத்திருந்து நான்கு முறை எண்ணுகின்றோம். வேலி அடைப்பவர்கள் இதை நன்கறிவர். மூன்று இடைவெளிக்கு நான்கு கதியால் வேண்டும். சாய்சதுரத்தை இரண்டு கட்டம் மேலே தூக்கி வைத்ததால் ஒரு கதியால் கூடிற்று. ‘மூன்று முறை காத்திருந்து, பின்னர்’ என்று வசனத்தில் எழுதும்போது அந்தப் ‘பின்னர்’ என்பதற்குள் எண்ணுதல் உண்டா இல்லையா என்று எவரும் கேட்பதில்லை; படத்திலோ அம்பை எங்காவது ஓரிடத்தில் இறக்கியே ஆகவேண்டும், இறக்கும்போது அந்தக் கேள்வி தானாக எழுந்துவிடும்.

ஒரு குறையையும் மறைக்கக்கூடாது. இப்படம் ஒரு நேரத்தில் ஒரு செயலையே காட்டும். கூட்டம் ஆரம்பமானபின் மூவர் பின்கதவால் நழுவினால் நடப்பெண் குறையும். அதைப்பற்றி இப்படம் ஒன்றும் பேசாது, ஏனெனில் நாம் அதற்கு முன்பே ‘முடிவு’ என்று எழுதிவிட்டோம். அதற்கு வேறொரு தாள் வேண்டும். சங்கத்திலே அந்தத் தாளை வரைவதற்குத் துணிவும் வேண்டும்!

வரைந்தபின் எவ்வாறு சோதிப்பது என்று முன்வரிசையிலிருந்து ஒரு தம்பி கேட்டார். எல்லா எண்களையும் போட்டுப் பார்க்கத் தேவையில்லை. எல்லையை ஒட்டிய எண்களே படத்தைக் காட்டிக்கொடுக்கும். நாலு மணிக்கே 15 பேர் வந்திருப்பதாக ஒரு முறை நடந்து பாருங்கள். காத்திராமலே கூட்டம் ஆரம்பமாகவேண்டும். நாலரை வரையும் 14 பேரே இருப்பதாக ஒரு முறை. மூன்று காத்திருப்பின்பின் ஒத்திவைக்க வேண்டும். 14இலிருந்து 16க்குத் தாவுவதாக ஒரு முறை. கடைசி எண்ணிக்கையில் மட்டும் 15 ஆவதாக ஒரு முறை. ஒருவரும் வராததாக ஒரு முறை. ஒவ்வொரு நடையிலும் துண்டுக் கடதாசியிலே வந்தோர் எத்தனை, காத்தமுறை எத்தனை என்று குறித்துக்கொண்டே செல்லவேண்டும். மனக்கணக்கை நம்பினால் விரல் நாம் விரும்பும் அம்பின் வழியே ஓடிவிடும். வரைந்தவரைத் தவிர்த்து இன்னொருவரின் விரலாயிருப்பது இன்னும் நல்லது. ஐந்து நடையிலும் விரல் உரிய வழியாகவே சென்று ‘முடிவு’ என்னும் கட்டத்திற் போய் நிற்குமாயின், பென்சிற் கோட்டின்மேல் மை போடலாம்.