பாண்ட் பத்தியில் தேட வேண்டியவை

ஆஃபர் லெட்டரில் சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடப் போகும் தம்பி, தங்கைகளே, கொஞ்சம் பொறுங்கள். உள்ளே 'டிரெய்னிங் பாண்ட்' என்று ஒரு பத்தி இருக்கலாம். 2 வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று அது சொல்வதாக வைத்துக்கொள்வோம்.

கணக்கு எந்த நாளில் தொடங்குகிறது? பயிற்சி முடிந்த நாள் என்று இருந்தால், 6 மாதப் பயிற்சியையும் சேர்த்து இரண்டரை வருடம் ஆகிவிடும். அடுத்து, 'ப்ரோ ராட்டா' என்ற சொல்லைத் தேடுங்கள். அது இருந்தால், கணக்கில் 18 மாதம் முடித்து விலகுபவர் மீதி 6 மாதத்துக்கு 50,000 கட்டினால் போதும். இல்லையென்றால் முழுத் தொகையையும் கேட்பார்கள்.

கேட்டதையெல்லாம் கொடுக்க வேண்டுமா? இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவுப்படி, எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடே கிடைக்கும். அதற்காக பாண்டை வெறும் காகிதம் என்று நினைத்துவிடாதீர்கள். விஜயா வங்கி வழக்கில், 3 ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் விலகியவர் அனுபவமுள்ள அதிகாரி, அது பொதுத்துறை வங்கி. உங்கள் நிலைமை வேறாக இருக்கலாம்.

சந்தேகம் இருந்தால் கையெழுத்துக்கு முன்பே ஹெச்.ஆரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். பதிலும் எழுத்தில் வரட்டும்.